பள்ளி ஆய்வகத் திறப்பு விழாவுக்குக் கவிதை எழுதச் சொல்லிவிட்டார்களா? 18 நாளில் முடிக்க ஒரு வழிகாட்டி

நான் உயர்நிலைப் பள்ளியில் தமிழ் எடுக்கிறேன். பள்ளியில் எதைத் திறந்தாலும் "சார், ஒரு கவிதை" என்று என் மேசைக்கு வந்துவிடும். முதல் முறை ஆய்வகத் திறப்புக்கு எழுதியபோது (அது வேறு பள்ளி) 48 வரி எழுதினேன். அறிவுச் சுடர், விஞ்ஞான வேள்வி, நாளைய மேதைகள் எல்லாம் இருந்தன. சிறப்பு விருந்தினர் ஒன்றரை மணி நேரம் தாமதமாக வந்தார். வாசித்த பிள்ளையை 20ஆவது வரியில் நிறுத்தி, "போதும்மா, உட்காரு" என்று சொல்லிவிட்டார்கள். அவள் முகம் இன்னும் நினைவில் இருக்கிறது. அந்தக் கவிதையில் எந்த இடத்தில் நிறுத்தினாலும் ஒன்றும் குறைந்திருக்காது என்பது வீட்டுக்குப் போன பிறகுதான் உறைத்தது.

இரண்டாவது முறை 16 வரி எழுதினேன். அதற்கு 18 நாள் ஆனது. அந்த முறையில் கற்றுக்கொண்டதைத்தான் இங்கே வரிசையாகச் சொல்கிறேன். முழுக் கவிதையும் கீழே இருக்கிறது. பிடித்திருந்தால் எடுத்துக்கொள்ளுங்கள், ஆனால் உங்கள் ஆய்வகத்தில் உள்ள பொருளுக்கு ஏற்ப மாற்றிக்கொள்ளுங்கள்.

1. பேனா எடுக்கும் முன் கையில் இருக்க வேண்டிய மூன்று தாள்கள் (முதல் நாள்)

முதலாவது, நிகழ்ச்சி நிரலின் வரைவு. அச்சானது வரும்வரை காத்திருக்க வேண்டாம், தலைமை ஆசிரியர் மேசையில் பேனாவால் கிறுக்கி வைத்திருப்பார், அதைப் பாருங்கள். கவிதை ரிப்பன் வெட்டுவதற்கு முன்பா, பின்பா? மேடையிலா, ஆய்வகத்துக்குள்ளேயா? இது தெரியாமல் எழுதினால் "வருக வருக" என்று முடியும் கவிதையை எல்லோரும் உள்ளே வந்து நின்ற பிறகு வாசிக்க வேண்டியிருக்கும். எங்களுக்குக் கதவுக்கு வெளியே, பூட்டைத் திறந்த உடனே என்று முடிவானது. கடைசி வரியே அதை வைத்துத்தான் பிறந்தது.

இரண்டாவது, ஆய்வகத்தின் இருப்புப் பதிவேடு. அறிவியல் ஆசிரியரிடம் கேட்டால் தருவார். கவிதைக்கு எதற்குப் பதிவேடு என்று சிரிப்பார்கள், பரவாயில்லை. உங்கள் கவிதையில் தொலைநோக்கி வந்து, திறக்கிற அறையில் தொலைநோக்கி இல்லாவிட்டால் அன்றைக்கே எட்டாம் வகுப்புப் பையன் ஒருவன் கேட்டுவிடுவான்.

மூன்றாவது, வாசிக்கப் போகும் பிள்ளையின் பெயரும், பெற்றோரிடம் வாங்கிய சம்மதமும். விழா விடுமுறை நாளிலோ மாலை நேரத்திலோ நடந்தால் இது அவசியம். எங்கள் விழா பிப்ரவரி 28, தேசிய அறிவியல் நாள். அன்று நிறையப் பள்ளிகளில் கண்காட்சி, பேச்சுப் போட்டி எல்லாம் இருக்கும். நன்றாகப் பேசும் பிள்ளைகளை வேறு போட்டிக்கு முன்பே அனுப்பிவிடுவார்கள். முதல் நாளே ஆளைப் பிடித்துவிடுங்கள்.

பிப்ரவரி 28 என்றதும் எல்லோரும் சர் சி.வி. ராமன் பெயரைக் கவிதையில் சேர்க்கச் சொல்வார்கள். 1928இல் அந்த நாளில்தான் அவருடைய கண்டுபிடிப்பு அறிவிக்கப்பட்டது. சேர்ப்பதாக இருந்தால் "மேதை ராமன்" என்று மட்டும் போட்டு விடாதீர்கள். 1921இல் கப்பலில் வந்துகொண்டிருந்தபோது கடல் ஏன் நீலமாக இருக்கிறது என்ற கேள்வி வந்ததும், கையோடு வைத்திருந்த நிக்கல் பட்டகம் வழியாக அலையைப் பார்த்தாரே, அந்தக் காட்சி ஒரு வரிக்குள் வந்தால் போடுங்கள். நிக்கல் என்பது இங்கே உலோகம் அல்ல, அதைச் செய்த ஆளின் பெயர். எனக்கு அந்த வரி சரியாக அமையவில்லை, விட்டுவிட்டேன்.

2. பதிவேட்டிலிருந்து மூன்றே மூன்று பொருள் (இரண்டாம் நாள்)

பதிவேட்டில் அறுபதுக்கும் மேல் பொருள்கள் இருந்தன. முகவை, பிப்பெட், பியூரெட், சாராய விளக்கு, வெர்னியர், காந்தம் என்று எல்லாவற்றையும் வரிசையாக அடுக்கினால் அது கவிதை ஆகாது, கொள்முதல் பட்டியல் ஆகும்.

நான் வைத்த விதி ஒன்றுதான்: பிள்ளை தன் வீட்டில் பார்த்துவிட்டு "ஏன்?" என்று கேட்கக்கூடியதாக இருக்க வேண்டும், அதே கேள்வியை இந்த அறையில் கையால் செய்து பார்க்க முடிய வேண்டும். அப்படிச் சலித்ததில் மூன்று தேறியது. ஊஞ்சல், அதற்கு இங்கே தனி ஊசல். செம்பருத்திப் பூ, அதற்கு அமில கார சோதனை. வெங்காயத் தோல், அதற்கு நுண்ணோக்கி.

3. எழுதும் முன் செய்து பாருங்கள் (3 முதல் 6ஆம் நாள் வரை)

இதைத் தாண்டிப் போகத்தான் எல்லோருக்கும் ஆசை வரும். எனக்கும் வந்தது. செய்து பார்ப்பது பற்றிய கவிதையை நாற்காலியில் உட்கார்ந்தே எழுதப் பார்த்து மாட்டிக்கொண்டேன்.

முதல் வரைவில் செம்பருத்திக்கு நான் எழுதியது இது: "சிவந்த தாளில் சோப்பு நீரை." பூ சிவப்பு, அதைத் தேய்த்தால் தாளும் சிவப்பாகத்தானே இருக்கும்! அறிவியல் ஆசிரியை படித்துவிட்டு ஒன்றும் சொல்லாமல் வாசலில் இருந்த செடியிலிருந்து ஒரு பூவைப் பறித்து, என் வரைவின் பின்பக்கத்திலேயே தேய்த்தார். தாள் ஊதாவாக இருந்தது. அதில் ஒரு சொட்டு எலுமிச்சைச் சாறு விட்டதும்தான் சிவப்புப் பக்கம் போனது. சோப்பு நீரை விட்ட இடம் பச்சையானது. நாற்பது வருடமாகச் செம்பருத்தியைப் பார்க்கிறேன், ஒரு முறைகூடத் தாளில் தேய்த்ததில்லை.

நீங்களும் இதைச் செய்வதாக இருந்தால்: நன்றாக மலர்ந்த சிவப்புச் செம்பருத்தியின் இதழை மட்டும் எடுங்கள், காம்பும் மகரந்தமும் வேண்டாம். பளபளப்பில்லாத வெள்ளைத் தாளில் அழுத்தித் தேய்த்து நிழலில் காய வையுங்கள். சலவை சோப்பைக் கொஞ்சம் தண்ணீரில் கரைத்துச் சொட்டுங்கள். குளியல் சோப்பில் நிறம் தெளிவாக மாறாமல் ஏமாற்றக்கூடும். முதலில் நான் குளியல் சோப்பை வைத்துப் பார்த்துவிட்டு, "பச்சையே வரவில்லையே" என்று தலையைச் சொறிந்தேன்.

வெங்காயத்தில் வேறு மாதிரி ஏமாந்தேன். உரிக்கும்போது வரும் மேல் சருகு இதற்கு உதவாது. வெங்காயத்தை நான்காக வெட்டி, உள்ளே உள்ள சதைப்பற்றான ஓர் இதழைப் பிரித்தால், அதன் குழிந்த பக்கத்தில் கண்ணாடி மாதிரி ஒரு மெல்லிய சவ்வு ஒட்டியிருக்கும். அதைத்தான் இடுக்கியால் உரிக்க வேண்டும். கண்ணாடி வில்லையில் ஒரு சொட்டுத் தண்ணீர், அதில் சவ்வு, அதன்மேல் ஒரு சொட்டு சாஃப்ரனின் சாயம், பிறகு மூடுவில்லை. மூடுவில்லையைச் சாய்த்து மெதுவாக இறக்காவிட்டால் காற்றுக் குமிழ் மாட்டிக்கொள்ளும். நுண்ணோக்கியில் நான் முதலில் பார்த்து, "ஆகா, செல்!" என்று கத்தியது கறுப்பு விளிம்புள்ள வட்டமான குமிழைத்தான். வெங்காயச் செல் வட்டமாக இருக்காது. நீள நீளமாக, செங்கல் அடுக்கியது போல இருக்கும். "செங்கல்" என்ற சொல் அங்கே நின்றபோது கிடைத்ததுதான், அகராதியில் தேடவில்லை.

இந்த நான்கு நாளில் ஒரு நோட்டில் இரண்டு வகையை மட்டும் குறித்துக்கொண்டேன். கை செய்த வேலைகள் ஒரு பக்கம்: கட்டினேன், எண்ணினேன், தேய்த்தேன், சொட்டினேன், உரித்தேன், இட்டேன். எதிர்பார்க்காமல் வந்தவை மறுபக்கம்: ஊதா, பச்சை, செங்கல். கவிதை முழுவதும் இந்த இரண்டு பட்டியலிலிருந்தே வந்தது. ஆர்வம், தேடல், சிந்தனை என்ற சொற்கள் ஒன்றுகூடக் கவிதையில் இல்லை, பாருங்கள்.

செலவு: பூ, வெங்காயம், சோப்பு எல்லாம் வீட்டிலிருந்தே. சாயம் ஆய்வகத்தில் இருந்தது. சாயம் கையில் பட்டால் இரண்டு நாள் போகாது, விழாவுக்கு முந்தைய நாள் தொடாதீர்கள்.

4. வடிவத்தை எப்படி முடிவு செய்வது (7 முதல் 11ஆம் நாள் வரை)

தமிழாசிரியர் என்றால் வெண்பாவில்தான் எழுத வேண்டும் என்று ஒரு கூச்சம் இருக்கிறது. வெண்பாவில் தளை பார்த்துக் கட்டும்போது சொற்களைப் புணர்த்திப் பிரிக்க வேண்டி வரும். "தோன்றியது எப்படி" என்பது "தோன்றிய தெப்படி" ஆகும். தாளில் படிக்க அழகுதான், ஆனால் எட்டாம் வகுப்புப் பிள்ளை மைக்கில் "தெப்படி" என்றால் முன்வரிசையே விழிக்கும். என் வரைவில் அந்த வரி இருந்தது. ஒரு பிள்ளையை வாசிக்க வைத்துப் பார்த்தேன், மூன்று முறை தடுக்கியதும் எடுத்துவிட்டேன்.

நான் எடுத்துக்கொண்ட வடிவம் எளிமையானது. வரிக்கு நான்கு சீர், ஒவ்வொரு சீரும் ஈரசைச் சீர், இரண்டிரண்டு வரிக்கு எதுகை, முடிந்த இடத்தில் மோனை. தளை பார்க்கவில்லை. சந்தியால் சொல் உடையக் கூடாது என்று மட்டும் பிடிவாதமாக இருந்தேன். நான்கு வரி ஒரு பத்தி, மொத்தம் நான்கு பத்தி.

ஈரசைச் சீர் என்று வைத்ததால் ஒரு சிக்கல் வந்தது. "செம்பருத்தி" மூவசை, "வெங்காயம்" மூவசை, "கண்ணாடி"யும் அப்படியே. செம்பருத்தியை வெறும் "பூ" ஆக்கினேன். வெங்காயத்துக்கு எங்கள் பக்கம் வீட்டில் சொல்லும் "உள்ளி" இருக்கவே இருக்கிறது. உங்கள் ஊரில் அந்தச் சொல் புழக்கத்தில் இல்லையென்றால் வலிந்து போடாதீர்கள், சீரை மாற்றிக்கொள்ளுங்கள்.

முடிவான கவிதை இது:

> ஆடும் ஊஞ்சல் அடங்கும் வரையில்
> ஓடும் நேரம் ஒன்றே தானா?
> நூலின் நுனியில் கல்லைக் கட்டி
> நாலும் எட்டும் எண்ணிப் பார்த்தேன்.
>
> பூவைத் தாளில் புரட்டித் தேய்த்தால்
> தாவிப் படியும் சாயம் ஊதா;
> சோப்பு நீரைச் சொட்டிய நொடியில்
> தோப்புப் பச்சை தோன்றும், ஏனோ?
>
> உள்ளித் தோலை உரித்து வைத்துப்
> புள்ளிச் சாயம் பொட்டாய் இட்டேன்;
> கட்டம் கட்டம் செங்கல் வரிசை;
> கட்டிய கொத்தனார் யாரோ, உள்ளே?
>
> தப்பாய் வந்தால் தாளில் எழுதி
> எப்படி என்றே மறுபடி பார்ப்போம்;
> கேட்ட கேள்வி கையில் இறங்கப்
> பூட்டைத் திறந்தோம், புகுந்து செய்வோம்!

கவனித்தால் ஒன்று தெரியும். முதல் பத்தியில் கேள்வி முதலில் வருகிறது, கை பிறகு. இரண்டாவதிலும் மூன்றாவதிலும் கை முதலில், கேள்வி கடைசியில். இது தற்செயல் இல்லை. ஊஞ்சலைப் பார்த்துக் கேள்வி கேட்க ஆய்வகம் வேண்டாம். ஆனால் வெங்காயத்துக்குள் செங்கல் இருக்கிறது என்று தெரிந்த பிறகுதான் "யார் கட்டியது?" என்று கேட்கவே முடியும். எல்லாப் பத்தியிலும் கேள்வியை முதலில் வைத்து ஒரு வரைவு எழுதினேன், வினாத்தாள் மாதிரி இருந்தது.

5. யாரிடம் காட்ட வேண்டும், யாரிடம் வேண்டாம் (12, 13ஆம் நாள்)

இரண்டு பேர் போதும், அப்புறம் தலைமை ஆசிரியரின் கையெழுத்து. ஆசிரியர் அறையில் எல்லோரிடமும் காட்டினால் ஆளுக்கொரு வரி சேர்க்கச் சொல்வார்கள், கவிதை 48 வரிக்குத் திரும்பிவிடும்.

அறிவியல் ஆசிரியையிடம் ஒரே கேள்வி கேளுங்கள்: "இதில் தப்பான செய்தி எது?" எங்கள் ஆசிரியை கடைசி வரியில் நிறுத்தினார். அப்போது அது "பூட்டைத் திறந்தோம்; வந்து தொடுங்கள்!" என்று இருந்தது. "சார், உள்ளே அமில பாட்டில் இருக்கு. முதல் நாளே தொடுங்கன்னு மைக்கில் சொல்லப் போறீங்களா?" என்றார். தொடுவது வேறு, செய்வது வேறு. "புகுந்து செய்வோம்" வந்தது, கூடவே பூட்டுக்கு மோனையும் கிடைத்தது.

இன்னொருவர் தமிழ் தெரிந்த ஆசிரியராக இல்லாமல் இருந்தால் நல்லது. நான் எங்கள் அலுவலக உதவியாளர் அக்காவிடம் வாசித்துக் காட்டினேன். பன்னிரண்டாவது வரியில் அப்போது "கொத்தன்" என்று இருந்தது. "கொத்தன்னா போட்டிருக்கீங்க? அந்த அறையைக் கட்டின அண்ணன் முன்னாடிதான உட்காந்திருப்பாரு, அவரு மகளும் இங்கதான படிக்குது" என்றார். ஓர் எழுத்து வாங்கியிருக்க வேண்டிய மரியாதையை நான் பார்க்கவில்லை. கொத்தனார் என்று மாற்றினேன். அதுவும் ஈரசைதான், சீர் கெடவில்லை.

தலைமை ஆசிரியரிடம் கொடுக்கும்போது இரண்டு பிரதி எடுத்துப் போங்கள். ஒன்றில் அவர் கையெழுத்து வாங்கிக் கோப்பில் வையுங்கள். விழா அன்று காலை யாராவது "நன்கொடையாளர் பெயரை நடுவில் சேருங்க" என்று வந்தால் அந்தப் பிரதிதான் உங்களைக் காப்பாற்றும். நன்கொடையாளருக்கு நன்றியுரையில் இடம் இருக்கிறது. அதை நிகழ்ச்சி நிரலில் விரலை வைத்துக் காட்டுங்கள்.

6. ஒத்திகை: ஊசலின் தாளத்தில் (14 முதல் 17ஆம் நாள் வரை)

பிள்ளைகள் மேடையில் வேகமாக வாசித்துவிடுவார்கள். "மெதுவா, மெதுவா" என்று எத்தனை முறை சொன்னாலும் மைக்கைப் பார்த்ததும் ஓட்டம்தான். இதற்கு அந்த ஆய்வகத்திலேயே மருந்து இருந்தது.

ஒரு மீட்டர் நீள ஊசல் இந்தப் பக்கத்திலிருந்து அந்தப் பக்கம் போக ஏறத்தாழ ஒரு நொடி எடுக்கும். போய்த் திரும்பினால் இரண்டு நொடி. சீருக்கு ஒரு வீச்சு என்று வைத்தால் வரிக்கு 4 நொடி, 16 வரிக்கு 64 நொடி. பத்திக்கும் பத்திக்கும் நடுவில் நான்கு வீச்சு சும்மா விட்டால் மூன்று இடைவெளிக்கு 12 நொடி. ஆக மொத்தம் 76 நொடி. நிகழ்ச்சி நிரலில் "கவிதை: 2 நிமிடம்" என்று தைரியமாகப் போடலாம்.

குண்டுக்கு ஆய்வகத்தில் இருந்த பித்தளைக் குண்டு சிறியது, வாசலில் நிற்பவர்களுக்குத் தெரியாது. கொத்தனாரிடமே கேட்டு அவருடைய தூக்குக்குண்டை இரவல் வாங்கினேன். கனமாக இருப்பதால் மெதுவாகப் போகுமோ என்று பயப்பட வேண்டாம். ஊசலின் நேரத்தைக் கனம் தீர்மானிப்பதில்லை, நீளம்தான் தீர்மானிக்கிறது. ஆனால் நீளத்தை அளப்பதில் ஒரு சிக்கல் உண்டு. தொங்கும் இடத்திலிருந்து குண்டின் எடை மையம் வரை அளக்க வேண்டும். உருண்டைக் குண்டு என்றால் நடு எது என்று சட்டென்று தெரிந்துவிடும். தூக்குக்குண்டு கூம்பு மாதிரி இருப்பதால் தெரியாது. அதனால் அளவுகோலோடு மல்லுக்கட்டாமல் நேரத்தை அளந்து சரிசெய்தோம். நூலை ஒரு மீட்டருக்குச் சற்று அதிகமாக விட்டு, போய்த் திரும்புவதை 30 முறை எண்ண வேண்டும். அதற்கு 60 நொடி ஆனால் சரி. அதிகம் ஆனால் நூலைக் கொஞ்சம் சுருக்குங்கள், குறைந்தால் நீட்டுங்கள். எங்களுக்கு முதலில் 62 வந்தது. இரண்டு நொடிதானே என்று தோன்றும், ஆனால் நூலை ஆறேழு சென்டிமீட்டர் சுருக்க வேண்டியிருந்தது.

எண்ணும்போது எல்லோரும் செய்யும் தப்பு, குண்டை விடும் நொடியில் "ஒன்று" என்று தொடங்குவது. "சுழியம்" என்று தொடங்க வேண்டும், இல்லாவிட்டால் ஓர் அலைவு குறைந்துவிடும். எங்களுக்குச் சரியான நூலிலேயே 58 நொடி வந்து குழம்பியது இதனால்தான்.

இழுத்து விடும்போது ஒரு சாண் தூரத்துக்கு மேல் இழுக்க வேண்டாம். நிறைய இழுத்தால் அலைவுக்கு எடுக்கும் நேரம் மெல்லக் கூடும், தவிர குண்டு வட்டமடிக்கத் தொடங்கும். மின்விசிறியை நிறுத்திவிடுங்கள். நூல் நீளாததாக இருக்கட்டும். பூக்கட்டும் நூல் ஒத்திகையின் நடுவில் முறுக்கு அவிழ்ந்து நீண்டது, மீன்பிடி நரம்பு வாங்கினோம்.

25 சென்டிமீட்டர் நூலிலும் ஒரு முறை வாசிக்க வைத்தேன். வீச்சு அரை நொடிக்கு வந்துவிடும், கவிதை 38 நொடியில் முடிந்துவிடும். பிள்ளைகள் சிரித்துச் சிரித்துத் திணறினார்கள். ஆனால் நீளம் நாலில் ஒன்றானால் நேரம் பாதியாகிறது என்பதை அன்று யாரும் சொல்லித்தராமலே பிடித்துக்கொண்டார்கள். இதற்கு ஒரு மாலை நேரம் ஒதுக்குங்கள், வீண் இல்லை.

நான்கு நாள் ஒத்திகையில் முதல் இரண்டு நாள் ஊசலைப் பார்த்து வாசித்தார்கள், மூன்றாம் நாள் பார்க்காமல், நான்காம் நாள் கதவருகே நின்று மைக்கோடு. மனப்பாடம் முழுதாக ஆகட்டும். தாளைக் கையில் பிடித்தால் காற்றில் படபடக்கும் சத்தம் மைக்கில் விழும்.

7. அச்சு: எழுத்துரு கவனம் (13ஆம் நாளே கொடுத்துவிடுங்கள்)

ஆய்வகச் சுவரில் மாட்ட ஒரு பிரதி வேண்டும் என்பார்கள். ஃபிளெக்ஸ் மலிவு, ஆனால் ஒரு வருடத்தில் வெளுக்கும், ஓரம் சுருளும். நான் ஏ3 தாளில் அச்சிட்டுக் கண்ணாடிச் சட்டம் போட்டேன். அச்சுக்கு 60 ரூபாய், சட்டத்துக்கு 450 ரூபாய், எங்கள் ஊர் விலை. கல்வெட்டில் பொறிக்கலாம் என்று யாராவது கிளம்பினால் தடுத்துவிடுங்கள். எழுத்துக்கு இவ்வளவு என்று கணக்கு வரும், பிழை வந்தால் அழிக்கவும் முடியாது.

அச்சகத்தில் நிறையப் பேர் இன்னும் பழைய எழுத்துருக்களில்தான் வேலை செய்கிறார்கள். நீங்கள் செல்பேசியில் யூனிகோடில் அடித்து அனுப்புவதை அங்கே மாற்றும்போது எழுத்து சிதறும். கொம்பும் துணைக்காலும் இடம் மாறும். "கொத்தனார்" எனக்கு முதல் பிரதியில் கொம்பு தனியே, "க" தனியே, கால் தனியே என்று வந்தது. "சொட்டிய", "தோப்பு", "தோன்றும்", "கேள்வி" எல்லாம் அப்படியே. கவிதையில் கொம்பு வரும் சொற்களை மட்டும் தனியே எழுதி வைத்துக்கொண்டு, அச்சுப் பிரதியில் ஒவ்வொன்றாக டிக் அடியுங்கள். நீங்களே கணினியில் அடித்துப் பிடிஎஃப் ஆக்கி, அதை அப்படியே அச்சிடச் சொன்னால் இந்தத் தொல்லை இல்லை. இரண்டாம் பிரதிக்கு அப்படித்தான் செய்தேன்.

அடுத்தது ஒற்று. அச்சகத்தில் அடித்துக் கொடுத்தபோது "நீரைச் சொட்டிய" என்பதில் ச் போனது, "பூட்டைத் திறந்தோம்" என்பதில் த் போனது. "உள்ளி" ஒரு முறை "உல்லி" ஆனது. திரையில் பார்த்துச் சரி என்று சொல்லிவிடாதீர்கள், தாளில் ஒரு மாதிரிப் பிரதி எடுத்து வாய்விட்டு வாசியுங்கள். பிப்ரவரி கடைசி, மார்ச் தொடக்கத்தில் அச்சகங்களில் ஆண்டு விழா வேலை குவிந்திருக்கும். "நாளைக்கு வாங்க" என்றால் மூன்று நாள் என்று கணக்கு வையுங்கள்.

8. விழா அன்று (18ஆம் நாள்)

காலை 8 மணிக்கே ஊசலைத் தொங்கவிட்டு 30 அலைவு எண்ணிப் பார்த்துவிடுங்கள். இரவில் யாராவது நூலைத் தொட்டிருக்கலாம். எங்கள் நூலில் யாரோ ஒரு முடிச்சுப் போட்டு வைத்திருந்தார்கள், 56 நொடிதான் வந்தது.

செம்பருத்தித் தாள்களை முந்தைய நாளே தயார் செய்து, வெளிச்சம் படாத உறையில் வையுங்கள். இரண்டாம் பத்தி வாசிக்கும்போது இன்னொரு பிள்ளை பெரிய தாளைத் தூக்கிப் பிடித்துச் சோப்பு நீரைச் சொட்டினாள். சொட்டியதும் எண்ணினால் எங்களுக்கு மூன்று நான்கு வீச்சுக்குள் பச்சை தெரிந்தது. "தோப்புப் பச்சை" என்று சொல்லும்போது நிறம் வர வேண்டும் என்றால் "சோப்பு" என்ற சொல்லிலேயே சொட்டு விழுந்துவிட வேண்டும். ஒத்திகையில் இதை மட்டும் பத்து முறை செய்தோம்.

விருந்தினர் தாமதமாகத்தான் வந்தார், 50 நிமிடம். அதற்குள் குண்டு நின்று போயிருந்தது. அதனால் காரின் சத்தம் கேட்ட பிறகு விட்டால் போதும். மூன்றாம் பத்தியில் "கொத்தனார்" என்றதும் பின்வரிசையில் ஒரு சிரிப்பு எழுந்தது, பிள்ளை ஒரு வீச்சு நிறுத்தி, அடுத்த வீச்சில் சரியாகப் பிடித்துக்கொண்டாள். 78 நொடி ஆனது.

மொத்தச் செலவு 545 ரூபாய்: அச்சு 60, சட்டம் 450, நரம்பு 35. ரசீது மூன்றையும் கவிதைப் பிரதியோடு கோப்பில் வைத்துவிட்டால் பள்ளி நிதியில் திரும்பக் கிடைக்கும், நான் வாங்க ஏப்ரல் ஆனது. தூக்குக்குண்டை அன்று மாலையே திருப்பிக் கொடுத்துவிடுங்கள், மறுநாள் அவருக்கு வேலை இருக்கும். நூலை மட்டும் கொக்கியிலேயே விட்டு வைத்தோம். முனையில் குண்டு கட்ட வேண்டிய இடத்தில் அறிவியல் ஆசிரியை மையால் ஒரு கோடு போட்டிருக்கிறார்.